நெற்றியில் 36.9, அக்குளில் 38.5: எதை நம்புவது?

பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து இரவு 11:20க்கு அழைப்பு வந்தது. தம்பி மனைவிதான் பேசினாள். "அக்கா, பையனுக்கு நெற்றியில வெச்சுப் பார்த்தா 36.9 காட்டுது. கழுத்துல கை வெச்சா சுடுது. மறுபடி வெச்சேன், 36.6. இன்னொரு தடவை 37.1. எதைத்தான் நம்புறது?"

பையனுக்கு 20 மாதம். கை, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஜில்லென்று இருப்பதாகச் சொன்னாள். லேசாக நடுங்குகிறானாம். அறையில் ஏர்கான் 20 டிகிரியில் ஓடுகிறது, மேலே விசிறியும் சுற்றுகிறது. நெற்றியில் குளிர் ஜெல் பட்டை ஒட்டியிருந்தாள். அளப்பதற்காக அதை அப்போதுதான் உரித்திருக்கிறாள்.

நான் பல வருடங்கள் கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்தவள். இந்தக் கேள்வியை முன்பு இவ்வளவு அடிக்கடி கேட்டதில்லை. 2020இல் கடை வாசலிலும் பள்ளி வாசலிலும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல நீட்டி அளக்கும் கருவி வந்த பிறகு, அது ஒவ்வொரு வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்பு வீட்டில் இருந்த பத்து, பதினைந்து ரிங்கிட் டிஜிட்டல் குச்சி மேசை இழுப்பறையின் அடியில் போய்ச் சேர்ந்தது. தம்பி வீட்டிலும் அப்படித்தான். அதைத் தேடி எடுக்கச் சொன்னேன்.

குச்சியின் நுனியைத் துடைத்துவிட்டு, பையனின் சட்டையைக் கழற்றி, அக்குளின் ஆழமான நடுப்பகுதியில் வைத்து, கையை மார்போடு சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். திரையில் முதலில் Lo என்று வந்தது. அப்புறம் 35.8, 37.2 என்று ஏறியது. ஒரு நிமிடம் ஆனதும் 38.1இல் பீப் அடித்தது. "எடுத்துடவா?" என்றாள். வேண்டாம், அப்படியே வைத்திரு என்றேன். ஐந்து நிமிட முடிவில் 38.5இல் நின்றது.

ஒரே குழந்தை, ஒரே அறை, பத்து நிமிட இடைவெளி. ஒரு கருவி காய்ச்சலே இல்லை என்கிறது. இன்னொன்று நல்ல காய்ச்சல் என்கிறது. இரண்டுமே பழுதில்லாத கருவிகள்தான். நெற்றிக் கருவி மாடிப்படியில் விழவும் இல்லை, பேட்டரி தீரவும் இல்லை. அது அளந்தது ஒன்று, நாம் தெரிந்துகொள்ள விரும்பியது வேறொன்று.

நெற்றிக் கருவி பார்ப்பது எதை?

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. நெற்றிக் கருவியின் முன்பக்கக் குழிக்குள் இருக்கும் உணரி அந்தக் கதிரைப் பிடிக்கிறது. அதாவது, அது அளப்பது தோலின் மேற்பரப்பு மட்டுமே. தோலுக்கு உள்ளே என்ன சூடு என்பது அதற்குத் தெரியாது.

நலமாக இருக்கும் குழந்தையின் நெற்றித் தோல் பொதுவாக 33 முதல் 35 டிகிரி வரைதான் இருக்கும். ஆனால் திரையில் 36.5 என்று வருகிறதே, எப்படி? கருவி கணக்குப் போடுகிறது. நெற்றித் தோல் இவ்வளவு, கருவியைச் சுற்றியுள்ள சூடு இவ்வளவு, அப்படியானால் உடம்பின் உள்சூடு ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்று ஒரு சூத்திரத்தின் வழியாக எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பல கருவிகளில் Body, Surface என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலில் Body நிலையில் உங்கள் நெற்றியை அளங்கள். உடனே Surface நிலைக்கு மாற்றி அதே இடத்தை அளங்கள். இரண்டாவது எண் இரண்டு, மூன்று டிகிரி குறைவாக இருக்கும். அந்த இடைவெளியைக் கருவியின் சூத்திரம்தான் நிரப்புகிறது. (பால் புட்டியின் சூட்டைப் பார்க்க Surface நிலைக்கு மாற்றிவிட்டு, திருப்பி மாற்ற மறந்து, குழந்தைக்கு 34 டிகிரிதான் இருக்கிறது என்று பதறி ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையில் எந்த நிலை என்று ஒரு முறை பார்த்துவிட்டு அளப்பது நல்லது.)

இந்தச் சூத்திரம் ஒரு சராசரி நிலைமையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காற்று வீசாத அறை, உலர்ந்த நெற்றி, அமைதியாக இருக்கும் உடம்பு. அந்த நிலைமை இருக்கும்போது நெற்றிக் கருவி ஓரளவு சரியாகவே சொல்லும். நிலைமை மாறினால் சூத்திரம் அதே அளவைத்தான் கூட்டும், ஆனால் நெற்றித் தோல் மட்டும் குளிர்ந்திருக்கும். விடை குறைவாக வரும்.

அந்த இரவில் மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஜெல் பட்டையும் விசிறிக் காற்றும் யாருக்கும் புரியும். நெற்றியைக் குளிர்விப்பதற்காகவே செய்யப்பட்ட பட்டையை உரித்த கையோடு நெற்றியின் சூட்டை அளந்தால் பட்டையின் வேலையைத்தான் அளக்கிறோம். ஈரத்துணி, தைலம், குளித்த ஈரம், வியர்வை எல்லாமே இதில் அடக்கம். ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சந்தனமோ திருநீறோ பூசியிருந்தாலும் கருவி பார்ப்பது அந்தப் பூச்சின் மேற்பரப்பைத்தான், தோலை அல்ல.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். காய்ச்சல் ஏறும்போது மூளை உடம்பின் சூட்டு இலக்கை 37இல் இருந்து, உதாரணமாக, 39க்கு உயர்த்தி வைக்கிறது. இலக்கை எட்ட உடம்பு இருக்கிற சூட்டை வெளியே விடாமல் சேர்த்துவைக்க வேண்டும். அதற்காகத் தோலுக்கு வரும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் உள்ளேயே தங்குகிறது. கை, கால் ஜில்லிட்டுப் போகின்றன, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. உள்ளே சூடு வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் அந்த அரைமணி, ஒரு மணி நேரத்தில் தோல் குளிர்ந்தே இருக்கும். நெற்றிக்குக் கை கால் அளவுக்கு ரத்த ஓட்டம் குறைவதில்லை, ஆனாலும் உள்சூட்டை விட அது பின்தங்கிவிடும்.

காய்ச்சல் இறங்கும்போதும் இதே போன்ற ஏமாற்று நடக்கும், வேறு வழியில். இலக்கு கீழே வந்ததும் உடம்பு வியர்க்கிறது. வியர்வை நெற்றியைக் குளிர்விக்கிறது. உள்ளே இன்னும் 38.3 இருக்கும்போதே நெற்றிக் கருவி 37க்கு வந்துவிடலாம்.

ஆக, ஏறும்போதும் குறைத்துச் சொல்கிறது, இறங்கும்போதும் குறைத்துச் சொல்கிறது. நடுவில் காய்ச்சல் ஒரே மட்டத்தில் நிற்கும்போது, உலர்ந்த நெற்றியும் அசையாத காற்றும் இருந்தால், குச்சிக்குப் பக்கத்தில் வருகிறது. ஏர்கானும் விசிறியும் சேர்ந்து ஓடும் நம் வீட்டு அறைகளில் நெற்றிக் கருவியின் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது. அது குறைத்துச் சொல்லும் பக்கம். வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கும் காரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த குழந்தைக்கும் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. ஆனால் அது வேறு விதமான தொல்லை. ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். குறைத்துச் சொல்வதுதான் ஆபத்தானது. ஏனென்றால் பயம் தெளிந்து தூங்கப் போய்விடுவோம்.

மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. தம்பி மனைவியின் மூன்று எண்களைச் சராசரி எடுத்தால் 36.9 வரும். உண்மைக்கு ஒன்றரை டிகிரி தள்ளி. எல்லா அளவும் ஒரே திசையில் பிழையாக இருக்கும்போது சராசரி அந்தப் பிழையை அப்படியே வைத்திருக்கும். அடுத்தடுத்து அளப்பதால் தெரியவருவது வேறொன்று. மூன்று எண்களும் 0.2க்குள் இருந்தால் நீங்கள் கருவியைப் பிடித்த விதம் சீராக இருக்கிறது என்று அர்த்தம். 36.6க்கும் 37.1க்கும் அலைந்தால் தூரமோ கோணமோ முடியோ ஈரமோ எங்கேயோ இடிக்கிறது.

2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தொடாமல் அளக்கும் ஆறு மாடல்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதித்தார்கள். மாடலைப் பொறுத்து, 48 முதல் 88 சதவீத அளவீடுகள் அந்தந்தக் கருவியின் பெட்டியில் எழுதியிருந்த துல்லியத்துக்கு வெளியே விழுந்தன. அது குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் பெட்டியில் "±0.2" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாம் என்ன புரிந்துகொள்கிறோமோ அது நடைமுறையில் கிடைப்பதில்லை என்பதற்கு அது போதும். அந்த எண் ஆய்வகத்தில், சூடு துல்லியமாகத் தெரிந்த ஒரு பொருளை நோக்கி அளந்து பெற்றது. நெற்றி அப்படிப்பட்ட பொருள் அல்ல.

குச்சி எங்கே சறுக்கும்?

டிஜிட்டல் குச்சியின் உலோக நுனிக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சின்ன உணரி. சூடு மாறும்போது அதன் மின்தடை மாறும். அதை எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது. இதில் பெரிய கணக்கு எதுவும் இல்லை. நுனி என்ன சூட்டில் இருக்கிறதோ அதையே சொல்கிறது. அதனால்தான் 37 டிகிரியை ஒட்டிய பகுதியில் பெரும்பாலான நல்ல குச்சிகளின் பிழை 0.1 அளவில் நிற்கிறது.

அப்படியானால் அக்குளில் வைத்தால் ஏன் முதலில் 35.8 காட்டியது? அக்குள் அதுவரை திறந்திருந்தது. குழந்தை கையை விரித்துப் படுத்திருந்தால் அக்குள் தோலும் அறைக் காற்றில் குளிர்ந்துதான் இருக்கும். கையை மூடிப் பிடித்த பிறகு அது ஒரு சின்ன மூடிய குழி ஆகிறது. உள்ளே ஓடும் பெரிய ரத்தக் குழாயின் சூடு மெதுவாக அந்தக் குழியை நிரப்புகிறது. இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். குச்சியின் பீப் ஒலிக்கு உள்சூடு நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. சூடு ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வாயில் வைக்கும்போது அது சீக்கிரம் நடக்கும், பீப்பை நம்பலாம். அக்குளில் பீப் அவசரப்படும். பல குச்சிகளில் பீப் அடித்த பிறகும் விட்டு வைத்தால் எண் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். தம்பி வீட்டில் 38.1 என்று பீப் அடித்துவிட்டு 38.5க்குப் போனது அதனால்தான். பத்து நொடியில் விடை சொல்லும் குச்சிகள் ஏறும் வேகத்தை வைத்து முடிவை முன்கூட்டிக் கணக்கிடுபவை. அவற்றோடு வரும் தாளில் அக்குளுக்கு எத்தனை நிமிடம் என்று தனியாக எழுதியிருப்பார்கள். அதைத் தூக்கி எறியாமல் படித்துப் பாருங்கள்.

குச்சியில் நடக்கும் மற்ற தவறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வகை. நுனி அக்குளில் இல்லாமல் பின்பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது பனியன் துணி நடுவே மாட்டியிருக்கும். குழந்தை திமிறியதால் கை திறந்து மூடியிருக்கும். அப்படித் திறந்துவிட்டால் குழி மறுபடி குளிர்ந்துவிடும், நேரத்தை முதலில் இருந்து எண்ண வேண்டும். இன்னொன்றும் உண்டு. பல குச்சிகள் பொத்தானை அழுத்தியதும் ஒரு கணம் முந்தைய அளவைக் காட்டும். நேற்று இரவின் 39.1ஐப் பார்த்துவிட்டு இன்று காலை காய்ச்சல் என்று நினைத்த தாய் ஒருவர் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். பையன் நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருந்தான்.

கவனத்தோடு அளந்தாலும் அக்குளின் எண் உடம்பின் உள்சூட்டை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பெரும்பாலும் அரை டிகிரி அளவில். அதனால்தான் அக்குளில் 37.5ஐத் தாண்டினாலே காய்ச்சல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், மலவாயில் அளந்தால் 38.0 என்கிறார்கள். வித்தியாசத்தை மனத்தில் கூட்டிச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் "அக்குளில் 38.5, குச்சி வெச்சுப் பார்த்தோம், ராத்திரி பதினொன்றரைக்கு" என்று இடத்தோடும் நேரத்தோடும் சொன்னால் போதும். "38.5 இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் அது நெற்றியா அக்குளா என்று அவர் மறுபடி கேட்கத்தான் வேண்டும்.

எது சுலபம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் நெற்றிக் கருவிதான். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம், ஒரு நொடி போதும். ஒன்றரை வயதுப் பிள்ளையை ஐந்து நிமிடம் கையை மடக்கிப் பிடித்து உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். பால் குடிக்கும்போது செய்யலாம். குழந்தையை மடியில் பக்கவாட்டாகச் சாய்த்து, உங்கள் உடம்போடு ஒட்டிய கை இல்லாமல் வெளிப்பக்கக் கையின் அக்குளில் வைத்து, அந்தக் கையை உங்கள் கையால் அணைத்துப் பிடித்தால் அவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்காது, தூக்கி வைத்திருப்பது போலத்தான் இருக்கும். உடம்போடு ஒட்டியிருந்த பக்கம் உங்கள் சூட்டையும் சேர்த்து வாங்கியிருக்கும், அதனால்தான் வெளிப்பக்கம் என்கிறேன். தூங்கும் குழந்தைக்கும் குச்சியை வைக்க முடியும். பக்கவாட்டில் படுத்திருந்தால் மேல்பக்கக் கையை மெல்லத் தூக்கி வைத்து, திரும்ப இறக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் விழிப்பதில்லை. ஆனால் இதெல்லாம் பழக வேண்டும். முதல் நாளிலேயே வந்துவிடாது.

நெற்றிக் கருவியைச் சரியாக வைப்பது

அந்த இரவில் இன்னொன்றும் செய்து பார்த்தோம். பையனை ஏர்கான் அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். விசிறியை நிறுத்தி, நெற்றியை உலர்ந்த துணியால் துடைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, நெற்றிக் கருவியையும் அதே கூடத்தில் மேசை மேல் வைக்கச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து அளந்தாள். 38.0, 38.2, 38.1. குச்சிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதற்குள் நடுக்கம் நின்று கையும் காலும் சூடாகியிருந்தன. அதாவது காய்ச்சல் ஏறும் கட்டம் முடிந்துவிட்டிருந்தது.

அரைமணி நேரம் காக்கச் சொன்னது குழந்தைக்காக மட்டும் இல்லை. கருவிக்கும் அது தேவை. தன்னைச் சுற்றியுள்ள சூட்டையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னேன். 20 டிகிரி அறையில் இருந்து 29 டிகிரி கூடத்துக்கு வந்த கருவியின் உடல் இன்னும் குளிர்ந்திருக்கும்போது அந்தக் கணக்கு தவறிவிடும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஏர்கான் அறையில் இருந்து வெளியே வந்த மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது இல்லையா, அதே ஆவி கருவியின் உணரிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியிலும் படியும். பார்த்தால் தெரியாத அளவு மெல்லிய படலம்தான், ஆனால் கதிரைத் தடுத்துவிடும். வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு அவ்வளவு இடம் கிடைக்காது, நம் ஈரக்காற்றில் இது தினமும் நடக்கக்கூடியது. கருவியைக் காரின் டேஷ்போர்டில் விட்டுவைப்பவர்கள் இதற்கு எதிர்மாறான தவறைச் செய்கிறார்கள்.

தூரம் ஒவ்வொரு கருவிக்கும் வேறு. ஒன்றுக்கு ஒரு செண்டிமீட்டர், இன்னொன்றுக்கு ஐந்து. தூரம் கூடினால் உணரி நெற்றியோடு சேர்த்து முடியையும் பின்னால் இருக்கும் தலையணையையும் பார்க்கத் தொடங்கிவிடும். கருவியை நெற்றிக்குச் செங்குத்தாக, புருவங்களுக்கு நடுவே கொஞ்சம் மேலே நீட்டுங்கள். உணரிக் குழிக்குள் விரல் ரேகையோ தூசியோ இருந்தால், தாளில் சொன்னபடி ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகே பயன்படுத்துங்கள். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கண்ணாடி துடைக்கும் மருந்தைப் பீய்ச்சி அடித்துக் கருவியைக் கெடுத்தவர்கள் உண்டு.

வாங்கும்போது மருத்துவக் கருவியா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி தெர்மாமீட்டர்கள் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். இணையக் கடைகளில் அடுப்பு, இயந்திரம் அளக்கும் தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் விற்கின்றன. அவை நூற்றுக்கணக்கான டிகிரி வரை அளக்கும், ஆனால் 37.4க்கும் 38.0க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லும்படி செய்யப்பட்டவை அல்ல.

காதில் வைக்கும் கருவியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. பிறந்து நான்கு வாரம் தாண்டிய குழந்தைகளுக்கு அக்குள் குச்சியோடு சேர்த்து அதையும் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிகள் ஏற்கின்றன. ஆனால் பச்சிளம் குழந்தையின் குறுகிய காதில் சரியான கோணத்தில் வைப்பது கஷ்டம்.

எண் எப்போது முடிவை மாற்றும்?

நல்ல பசியோடு விளையாடும் மூன்று வயதுப் பிள்ளைக்கு 38.1 இருந்தாலும் 38.4 இருந்தாலும் நாம் செய்வது ஒன்றேதான். தண்ணீர் கொடுப்போம், அசௌகரியமாக இருந்தால் எடைக்கு ஏற்றபடி பாராசிட்டமால் கொடுப்போம், பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே எந்தக் கருவி என்பது பெரிய விஷயமில்லை. இரண்டு இடங்களில் மட்டும் அந்த எண் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

ஒன்று, மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை. 38.0 அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தை பார்க்க எப்படி இருந்தாலும், காலை வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வயதில் ரத்தத்தில் பரவும் தொற்று வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் காய்ச்சலாக மட்டும் தெரியலாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு நெற்றிக் கருவி "37.2" என்று சொன்னதை வைத்து அமைதியடையக் கூடாது. குழந்தை பால் குடிக்காமல் துவண்டிருந்தால் எந்த எண்ணும் தேவையில்லை, கிளம்புங்கள். மலவாயில் அளப்பதுதான் மிகத் துல்லியம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்து வழிகாட்டி வீட்டில் அக்குளே போதும் என்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமல் மலவாயில் வைத்துப் பழக வேண்டாம் என்பது என் கருத்து. கவனமாக ஐந்து நிமிடம் அக்குளில் வைத்தால் போதும், 37.5ஐத் தாண்டினாலே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, நம் ஊர் பற்றியது. டெங்கி. டெங்கிக் காய்ச்சல் பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் இறங்குகிறது. அபாயக் கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிவது காய்ச்சல் 38க்குக் கீழே வரும் நேரத்தை ஒட்டித்தான் தெரியவரும். எனவே டாக்டர் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, காய்ச்சல் எப்போது இறங்கியது, இறங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது. இங்கே நெற்றிக் கருவி இரண்டு விதமாகக் குழப்பும். இரண்டாம் நாளே வியர்த்த நெற்றியைப் பார்த்துக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்லலாம். அப்புறம் மறுபடி வந்தது என்று நாம் டாக்டரிடம் சொல்வோம், அவருடைய நாள் கணக்கு குழம்பும். அல்லது நான்காம் நாள் உண்மையிலேயே இறங்கும்போது, முன்பும் இப்படித்தானே காட்டியது என்று நாம் பொருட்படுத்தாமல் விடுவோம். இறங்கியதாக நெற்றிக் கருவி காட்டினால் குச்சியால் உறுதி செய்து, மணியோடு எழுதி வையுங்கள். பாராசிட்டமால் கொடுத்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள், மருந்தால் இறங்கியதா தானாக இறங்கியதா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். டெங்கி இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுபுரோஃபன் கொடுக்க வேண்டாம், ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அதிகச் சோர்வு, அல்லது காரணமில்லாத அமைதியின்மை தெரிந்தால், திரையில் 36.8 என்று இருப்பதைப் பார்த்துத் தங்கிவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் குச்சியை வாங்குங்கள் என்பேன். இரண்டும் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். தூங்குகிற பிள்ளையை எழுப்புவதா வேண்டாமா, போன மணியை விடக் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க நெற்றிக் கருவி. மருந்து, டாக்டர், மருத்துவமனை என்று எதையாவது முடிவு செய்யப் போகிறோம் என்றால் குச்சி. கையால் தொட்டால் சுடுகிறது, நெற்றிக் கருவி இல்லை என்கிறது என்றால், அந்த முரண்பாடே குச்சியை எடுக்கச் சொல்லும் காரணம்.

இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. பிள்ளை நலமாக இருக்கும்போது, நான்கு நாட்களுக்குக் காலையில் எழுந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரண்டு கருவியாலும் அடுத்தடுத்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். இயல்பாகவே உடம்பின் சூடு விடியற்காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும், அரை டிகிரி, அதற்கும் கொஞ்சம் மேலே கூட. காலையில் எழுதிய 36.4ஐ மாலையின் 37.1ஓடு ஒப்பிட்டுப் பயப்படாமல் இருக்க அந்தத் தாள் உதவும். உங்கள் வீட்டுக் கருவிகள் இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதும் அதில் தெரியும். குச்சியின் மேலேயே சந்தேகம் வந்தால், கைக்கு இதமான சூட்டில் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்து, இரண்டு குச்சிகளின் நுனியையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள். 0.2க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ஐஸ் தண்ணீரில் சோதிக்க முடியாது, 32க்குக் கீழே Lo தவிர வேறெதுவும் வராது. நெற்றிக் கருவியைத் தண்ணீரில் சோதிப்பதிலும் அர்த்தமில்லை, அது நெற்றிக்கான கணக்கைத் தண்ணீரின் மேல் போட்டுக் காட்டும்.

மறுநாள் காலை தம்பி மனைவி பையனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்: "11:35, அக்குள், 38.5. 11:40, பாராசிட்டமால். 12:10, நெற்றி, 38.1. 5:50, அக்குள், 37.9." தொண்டை சிவந்திருப்பதாகச் சொல்லி டாக்டர் அனுப்பினார், மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். மூன்றாம் நாள் மதியம் அக்குளில் 37.0 வந்தது, அதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்தே மருந்து கொடுத்திருக்கவில்லை. பையன் சோறு கேட்டு அழுதுகொண்டிருந்தான். சொல்வதற்காக என்னை அழைத்தபோது பின்னால் அந்த அழுகை எனக்குக் கேட்டது.